கோபிக்கும் கோழிக்கும் நடுவே

கோபி 65, கோழி 65. அச்சில் இரண்டுக்கும் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். லேமினேஷன் அட்டையில் அந்த எழுத்தின் மேல் டியூப்லைட் வெளிச்சம் பட்டுவிட்டால், போட்டோவில் அந்த வித்தியாசமும் இருக்காது. மட்டர் மசாலாவும் மட்டன் மசாலாவும் இன்னும் மோசம். கடைசி மெய்யெழுத்து வரைக்கும் இரட்டைப் பிள்ளைகள். ஒன்று பச்சைப் பட்டாணி, மற்றது ஆடு. கர்நாடக எல்லைப் பக்கம் என்பதால் ஜூஸ் பட்டியலில் சப்போட்டாவை 'சிக்கு' என்றே அச்சடிக்கிறார்கள். 'சிக்கு ஷேக்' என்பதை மங்கலான படத்தில் பார்த்து ஒரு நொடி திடுக்கிடாத சைவர் யார்?

இந்தக் குழப்பமெல்லாம் ராயக்கோட்டையில் ஓர் ஓட்டலின் மெனு அட்டையால் வந்தது. தருமபுரியிலிருந்து ஓசூருக்குப் போகும் வழியில் சித்தியோடு அங்கே இறங்கிய தம்பி, அட்டையைப் போனில் படம் பிடித்து அனுப்பியிருந்தான். "அக்கா, அம்மாவுக்கு எதைச் சொல்லலாம்னு கொஞ்சம் குறிச்சு அனுப்பு. இங்க சைவமும் அசைவமும் ஒண்ணா இருக்கு." தக்காளி மண்டிக்கு லோடு ஏற்ற வருகிறவர்கள், சிப்காட் ஷிஃப்ட் முடிந்து வரும் வடக்கத்திப் பையன்கள், கோட்டை மலை பார்க்க வந்த குடும்பம் என்று எல்லோருக்கும் சேர்த்து ஒரே அட்டை. முன்பக்கம் இட்லி முதல் பரோட்டா வரை, பின்பக்கம் பிரியாணியும் 'சைனீஸ்' பகுதியும். ஆனந்தமாக வாசிக்கலாம். சில அட்டைகள் வெறும் விலைப்பட்டியல். இது அப்படியில்லை, அந்த ஊர் அடுக்களை எப்படி நடக்கிறது என்பதையே வரிவரியாகக் காட்டிக்கொடுக்கிறது.

குறிக்கத் தொடங்கும் முன் சாப்பிடுகிறவரின் எல்லைக் கோடு தெரிய வேண்டும். சித்திக்கு முட்டை ஆகாது. பால், தயிர், நெய், வெங்காயம், பூண்டு எல்லாம் ஆகும். அசைவம் சமைத்த பாத்திரத்தைக் கழுவி அதில் சமைத்தால் பொறுத்துக்கொள்வார்; அசைவத்தில் கிடந்த கரண்டி தன் தட்டுக்கு வந்தால் எழுந்துவிடுவார். இதே அட்டையை ஒரு ஜைனருக்குக் குறித்தால் சாம்பாரின் வெங்காயமே சிவப்பாகிவிடும். புரட்டாசி சனிக்கிழமை மட்டும் விரதம் இருக்கிறவருக்குக் குறித்தால் பாதிக் கேள்விகள் தேவையில்லை. ஆளுக்கு ஆள் வேறு அட்டை.

மூன்று குறிகள் வைத்துக்கொண்டேன். பச்சை டிக், சிவப்புப் பெருக்கல், மஞ்சள் கேள்விக்குறி. டிக்கும் பெருக்கலும் யார் வேண்டுமானாலும் போடலாம். இட்லி, தயிர் சாதம், தக்காளி சாதம், பூரிக் கிழங்கு எல்லாம் பச்சை. சுவரொட்டி என்று ஒரு வரி, சுவரில் ஒட்டுகிற எதையோ சொல்கிற மாதிரி அப்பாவியாக நிற்கும். அது ஆட்டின் மண்ணீரல். போட்டி என்றால் குடல். இரண்டும் சிவப்பு, இதில் யோசிக்க ஒன்றுமில்லை. நயமெல்லாம் மஞ்சளில்தான் இருக்கிறது. பார்த்தால் சைவம்போல இருக்கும். வரியில் கறியும் இல்லை, முட்டையும் இல்லை, மீனும் இல்லை. ஆனாலும் எது விட்டுப்போயிருக்கிறது என்று கை நிற்கும்.

முதல் மஞ்சள் குஸ்காவுக்கு. இந்தப் பக்கத்தில் ஓசூர், கிருஷ்ணகிரி, ஆம்பூர், பெங்களூர் என்று எங்கே போனாலும் குஸ்கா உண்டு. சைவ ஓட்டலில் அது காய் போடாத, மசாலா மட்டும் சேர்ந்த தனிச் சோறு. அங்கே அது கண்ணை மூடிக்கொண்டு பச்சை. பிரியாணிக் கடையில் கதையே வேறு. அங்கே அண்டாவில் கறி வெந்த மசாலாவில் அரிசியைப் போட்டு தம் கட்டுகிறார்கள். தம்மை உடைத்ததும் மாஸ்டர் கையில் ஒரு தட்டோடு நிற்பார். துண்டோடு அள்ளினால் பிரியாணி, துண்டை ஒதுக்கி அள்ளினால் குஸ்கா. தட்டில் கறி இருக்காது, சோறு முழுக்கக் கறியின் சாறு இருக்கும். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, வாசனையில் முடியும்.

அட்டையிலேயே இதற்குச் சாடை இருந்தது. வெஜ் பிரியாணி முன்பக்கத்தில், நெய் சாதத்துக்குக் கீழே. குஸ்காவோ பின்பக்கத்தில், சிக்கன் பிரியாணிக்கும் மட்டன் பிரியாணிக்கும் அடுத்த வரியில் 'அரை', 'முழு' என்ற அதே இரண்டு கட்டங்களோடு இருந்தது. மேலே சின்ன எழுத்தில் '12 மணி முதல்'. வெஜ் பிரியாணிக்கு நேரக் குறிப்பு இல்லை. பிரியாணி எப்போது வருமோ அப்போது குஸ்கா வருகிறது, பிரியாணி தீரும்போது குஸ்காவும் தீரும் என்றால் இரண்டும் ஒரே அண்டா. அட்டையை எழுதியவருக்கு மறைக்கும் எண்ணமில்லை. எந்தப் பாத்திரத்திலிருந்து எது வருகிறதோ அந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறார். அந்த நேர்மையை நான் ரசித்தேன். குஸ்காவுக்குப் பக்கத்தில் மஞ்சள் கேள்விக்குறி, கூடவே ஒரே சொல்: 'அண்டா?'

அந்த ஒரு சொல்லைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. சர்வரிடம் "இது வெஜ்தானே?" என்று கேட்டால் "வெஜ்தான் மேடம்" என்றுதான் பதில் வரும். பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. கறித்துண்டு இல்லாததை அவர் வெஜ் என்கிறார், அவ்வளவுதான். பாத்திரத்தைக் கேட்டால் அவருக்குக் கண்ணெதிரே பதில் இருக்கிறது. "குஸ்கா தனியா வைக்கிறீங்களா, பிரியாணி அண்டாவுல இருந்து எடுக்கிறீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள், ஒரு நொடிகூடத் தயங்காமல் உண்மை வரும். ஆகவே ஒவ்வொரு மஞ்சளுக்கும் ஒரு பாத்திரச் சொல். சல்லடைக் கரண்டியா, கல்லா, எண்ணெய்ச் சட்டியா, மாவுப் பாத்திரமா என்று.

பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள வரும் தால்சா அட்டையில் தனி வரியாக இல்லை. பிரியாணியோடு இலவசமாக வரும் என்று அடியில் ஒரு குறிப்பு மட்டும். பருப்பும் கத்திரிக்காயும் மாங்காயும் போட்ட குழம்பு, கேட்கவே சைவமாகத்தான் இருக்கிறது. பல கடைகளில் அதற்கு உடம்பு கொடுப்பது எலும்பு. வெஜ் பிரியாணிக்கும் அதே தால்சாவை ஊற்றிவிடுவார்கள் என்ற பயத்தில், வரியே இல்லாத அந்த இடத்தில் ஒரு மஞ்சள் போட்டேன். இலவசமாக வருவதற்கு யாரும் பெயர் கேட்பதில்லை, அதனால்தான் இலவசத்தின் மேல் எனக்குச் சந்தேகம் அதிகம்.

சால்னாவும் அப்படித்தான். முன்பக்கம் பரோட்டா வரிசையில் 'பரோட்டா (2)', 'வெஜ் கொத்து', 'சில்லி பரோட்டா', 'முட்டை பரோட்டா' என்று நாலு வரிகள். வெஜ் குருமா கீழே தனி விலையோடு இருந்தது. சால்னாவுக்கு விலையே கிடையாது, பரோட்டாவோடு வருவது. குருமாவுக்குத் தனி விலை வைத்த கடையில் விலையில்லாமல் வரும் சால்னா எங்கே கொதித்தது? சைவச் சால்னா என்று ஒன்று நிச்சயம் உண்டு: தேங்காய், பொட்டுக்கடலை, சோம்பு, தக்காளி, கொஞ்சம் பட்டை கிராம்பு, வாசனையில் அசைவத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. ஆனால் இரண்டும் விற்கும் கடையில் இரண்டு குண்டான் வைத்தால் கேஸும் இடமும் வீண் என்று கோழிச் சால்னா ஒன்றையே வைத்துவிடுவார்கள். தட்டில் கண்டுபிடிக்க ஒரு வழி, மேலே மிதக்கும் எண்ணெய். ஆறினால் கோழிக் கொழுப்பு மங்கலாகத் திரளும், கடலை எண்ணெய் தெளிவாகவே நிற்கும். ஆனால் தட்டுக்கு வந்த பிறகு கண்டுபிடித்து என்ன செய்வது? கேள்வி அடுப்புக்கு முன்னால் போக வேண்டும். 'சால்னா: தனிக் குண்டானா?' என்று எழுதினேன்.

பரோட்டாவுக்கே இன்னொரு மஞ்சள். மைதா, உப்பு, சர்க்கரை, எண்ணெய் போதும். பல மாஸ்டர்கள் மாவு இளகி நன்றாக வீசி விரிய வேண்டும் என்று முட்டையை உடைத்து ஊற்றிப் பிசைவார்கள். சுட்ட பரோட்டாவைப் பார்த்து முட்டை உண்டா இல்லையா என்று சொல்ல யாராலும் முடியாது. சர்வருக்கும் தெரியாது. பரோட்டா மாஸ்டருக்குத்தான் தெரியும்; அவரும் காலையில் மாவு பிசைந்தவரில்லை, மாலையில் வந்தவர் என்றால் அவருக்கும் தெரியாது. இந்த ஒரு மஞ்சளுக்குப் பதில் வராமலே போகலாம் என்று குறிப்பில் எழுதிவிட்டேன். வெஜ் கொத்துக்குக் கேட்க வேண்டியது கல்லைப் பற்றி. எல்லோருக்கும் கேட்கும் அந்தத் தாளம், முட்டை கொத்திய அதே இரண்டு தகட்டிலிருந்துதான் வருகிறது.

பின்பக்கம் 'சைனீஸ்'. இங்கே கோபி மஞ்சூரியன் இருக்கிறது. ஓசூர் பக்கத்துச் சாலையோர வண்டி முதல் பெங்களூர் ஓட்டல் வரை அது இல்லாத மெனுவே இல்லை. 2024 மார்ச்சில் கர்நாடக அரசு அதில் செயற்கை நிறம் சேர்ப்பதைத் தடை செய்தபோது, எல்லைக்கு இந்தப் பக்கமும் அதைப் பற்றியே பேச்சு. சித்திக்கு நிறம் கவலையில்லை. மாவும் எண்ணெயும்தான். சிக்கன் 65க்குக் கலக்கும் மசாலாவில் முட்டை விழுவது சாதாரணம். அதே பேசினில் காலிஃபிளவரையும் பிரட்டிப் போட்டால் பெயர் கோபி 65 ஆகிறது, முட்டை போவதில்லை. அரிசி மாவும் சோள மாவும் மட்டும் பூசிய பூ மொறுமொறுவென்று உடையும். முட்டை சேர்ந்த பூச்சு தடித்து, உள்ளே பஞ்சுபோல் இருக்கும். இரண்டாவது, பொரிக்கும் சட்டி. அடுப்புக்குப் பின்னால் இரண்டு சட்டி இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாலே போதும், கேட்கக்கூட வேண்டாம். 'மாவு? சட்டி?' என்று இரண்டு சொல்.

அட்டையின் கோடியில் ஒரு வரி மட்டும் படத்தில் விழவேயில்லை. லேமினேஷனில் ஃபிளாஷ் விழுந்து ஒரு வெள்ளைப் பட்டை. முதல் எழுத்து 'கோ', கடைசியில் '65', விலை 110. மேலே காளான் 65 விலை 120, கீழே சிக்கன் 65 விலை 160. விலையைப் பார்த்தால் கோபிதான். இருந்தாலும் எழுதி வைத்தேன்: 'அக்கம்பக்கம் பார்த்து ஊகித்தது, அட்டையைச் சாய்த்து இன்னொரு படம் எடு.' விலையை வைத்து எழுத்தை ஊகிக்கலாம், சாப்பாட்டை ஊகிக்கக் கூடாது. பின்பக்கத்து வட இந்திய வகைகளில் 'மட்ட' என்று மடிப்பில் அறுந்து நின்ற வரி, ஆலு கோபிக்கும் பனீர் பட்டர் மசாலாவுக்கும் நடுவே இருந்தது. அதுவும் பட்டாணியாகத்தான் இருக்கும். அதற்கும் அதே குறிப்பு.

படத்தில் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம், ஒவ்வொரு வரிக்கும் முன்னால் இருந்த புள்ளி. பாக்கெட் உணவில் சைவத்துக்குப் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் என்று சட்டம் சொல்கிறது. அசைவத்துக்கும் முன்பு வட்டம்தான், நிறம் மட்டும் பழுப்பு. 2021இல் அதை முக்கோணமாக மாற்றினார்கள், நிறம் பிரித்தறிய முடியாதவர்களும் வடிவத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று. இந்த அட்டையில் எல்லாமே வட்டம். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பச்சையும் பழுப்பும் ஒன்றாகிப்போயிருந்தன. கூர்ந்து பார்த்தால் முட்டை ஃப்ரைடு ரைஸுக்குப் பச்சை வட்டம்! அட்டையை டிசைன் செய்த டிடிபி கடைக்காரர் வேறு எந்த ஓட்டலின் பழைய கோப்பிலிருந்தோ புள்ளிகளை ஒட்டியிருக்கிறார். சட்டப்படி முட்டை அசைவத்தில்தான் சேரும். பாலும் தேனும் சேராது. பாக்கெட்டில் உள்ள புள்ளிக்குத் தயாரிப்பவர் பொறுப்பு, அட்டையில் உள்ள புள்ளிக்கு டிடிபி கடை. அதனால் அட்டையின் புள்ளி எதையும் நான் கணக்கில் எடுக்கவில்லை.

பாக்கெட்டின் புள்ளியும் எப்போதும் முழுக்கதை சொன்னதில்லை. 2021 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், உணவில் சேரும் ஒவ்வொரு பொருளும் செடியிலிருந்து வந்ததா, விலங்கிலிருந்து வந்ததா, ஆய்வுக்கூடத்தில் உருவானதா என்று முழுமையாகச் சொல்ல வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த வழக்கில் பேசப்பட்ட ஒன்று இ631 என்ற சுவைகூட்டி. சிப்ஸிலும் உடனடி நூடுல்ஸிலும் வரும். இறைச்சியிலிருந்தோ மீனிலிருந்தோ எடுக்கலாம், மாவுச்சத்தை நொதிக்க வைத்தும் எடுக்கலாம். எண்ணைப் பார்த்தால் எது என்று தெரியாது. வெஜ் நூடுல்ஸ் வரிக்கு என் குறிப்பு அதனால்தான் கொஞ்சம் வேறு மாதிரி. "பாக்கெட்டைக் காட்டச் சொல்." நூடுல்ஸிலேயே முட்டை சேர்ந்த வகை உண்டு, சேராத வகையும் உண்டு. பாக்கெட்டைப் பிரித்து வேகவைக்கும் கடையில் அந்த உறை அடுப்படியில் எங்காவது கிடக்கும். அதில் உள்ள வட்டம் டிடிபி கடை வட்டமில்லை. அஜினோமோட்டோவைப் பற்றி அசைவமோ என்று சித்தி கேட்பார் என்று தெரியும். அது நொதிக்க வைத்துச் செய்வது, பச்சை.

சூப்பை வேகமாகக் கடக்கலாம்: தண்ணீரில் கலக்கிய சோள மாவா, கோழி வெந்த தண்ணீரா என்பது ஒன்றே கேள்வி. ஃபலூடாவின் ஜெல்லி கடற்பாசியில் செய்ததாக இருக்கலாம், ஜெலட்டினாகவும் இருக்கலாம், ஆக மஞ்சள். கஸ்டர்டு பவுடரில் முட்டை இருக்காது, பச்சை. கொழும்பில் இருக்கும் உறவுக்காரர்கள் தேங்காய்ச் சம்பலைப் பார்த்தாலே "மாசி போட்டதா?" என்று கேட்பார்கள், நம் பக்கத்தில் தேங்காய்ச் சட்னிக்கு அந்தச் சங்கடம் இல்லை.

ராயக்கோட்டைக்கே உரிய மஞ்சளைக் கடைசியாகத்தான் பார்த்தேன். 'களி செட்'. கேழ்வரகு விளைகிற பூமி. தமிழில் களி, கன்னடத்தில் முத்தே, தெலுங்கில் சங்கடி என்று மூன்று பாஷையிலும் பேசி ஒரே உருண்டையைத் தின்கிற ஊர். 'செட்' என்றால் உருண்டையோடு ஒரு சாறு. எந்தச் சாறு என்று அட்டை சொல்லவில்லை. கீரையும் பயறும் வெந்த தண்ணீரைப் பிரித்து, வெந்ததில் கொஞ்சம் அரைத்துச் சேர்த்துத் தாளிக்கிற சாறு முழுக்கச் சைவம், இந்த ஊரில் சித்திக்கு ஊட்ட அதைவிட நல்லது எதுவுமில்லை. அதே களியோடு நாட்டுக்கோழிச் சாறும் வரும், எலும்புச் சாறும் வரும். அடுத்த வரியில் 'கைமா உண்டை' இருந்தது. உண்டை என்றதும் ரவா லட்டு ஞாபகம் வரும்; இது கொத்துக்கறி உருண்டை, சிவப்பு. அந்த உருண்டை கொதிக்கும் குழம்பில்தான் களியையும் தொட்டுத் தின்பார்களா என்று யோசித்து, மஞ்சளின் பக்கத்தில் கொஞ்சம் நீளமாகவே எழுதினேன்: 'என்ன சாறு, எந்தச் சட்டியில் இருந்து, கரண்டி எது?'

குறித்த படம் போய்ச் சேர்ந்ததும் தம்பி சர்வரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறான். பதில்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் குரல் செய்தியில் வந்தன. "குஸ்கா அண்டாவுல இருந்துதான்ணே." சிவப்பு. "சால்னா ஒண்ணே ஒண்ணுதான், குருமா வேணா தர்றோம்." சால்னா சிவப்பு, குருமா பச்சை. "கோபிக்கு மாவு தனிதான், எண்ணெய் ஒண்ணு." சித்திக்கு அதுவும் சிவப்பு. "பரோட்டா மாஸ்டர் அஞ்சு மணிக்குத்தான் வருவாரு." மஞ்சள் மஞ்சளாகவே நின்றது. களிக்குப் பதில் சொன்னது சர்வர் இல்லை, உள்ளேயிருந்து ஓர் அம்மா. குரல் தூரத்தில் கேட்டது. "இன்னைக்குக் கீரைச் சாறுப்பா, தனிச் சட்டிதான். சனி, ஞாயிறுன்னா கோழி."

களிக்குப் பச்சை டிக் போட்டேன். பக்கத்தில் 'புதன்' என்றும் எழுதினேன். அதே வழியில் அடுத்த மாதம் சித்தி திரும்பும்போது அது ஞாயிற்றுக்கிழமையாக இருக்கலாம்.